பேக்கிங் பிரிவு 2-ஆம் எண் கன்வேயர் பெல்ட் விபத்து குறித்த விசாரணை அறிக்கை

அனுப்புநர்: பாதுகாப்பு அலுவலர், தேங்காய் எண்ணெய் பேக்கிங் ஆலை, காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்
பெறுநர்: ஆலை மேலாளர்
நாள்: 14.06.2024

ஐயா,

12.06.2024 புதன்கிழமை பிற்பகல் 3.41 மணிக்கு, பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் பணியில் இருந்த பெண் பணியாளர் ஒருவரின் வலது சட்டைக் கை, 2-ஆம் எண் கன்வேயரின் டெயில் ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையில் சிக்கியது. சட்டையின் தோள் தையல் கிழிந்ததால் கை முழுவதும் உள்ளே இழுபடவில்லை. முன்கையில் உராய்வுக் காயமும் மணிக்கட்டில் வீக்கமும் ஏற்பட்டுள்ளன. அரசு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை எனத் தெரிந்தது. மருத்துவர் ஐந்து நாள் ஓய்வு பரிந்துரைத்துள்ளார்.

அன்று ஒரு பாட்டிலின் மூடி கசிந்து பெல்ட்டில் எண்ணெய் படர்ந்திருந்தது. பெட்டி ஒட்டும் டேப்பின் துண்டு ஒன்று டெயில் ரோலர் அருகே ஒட்டிக்கொண்டு பெல்ட்டை ஒரு பக்கமாக இழுத்தது. அதை எடுக்க அவர் கையை நீட்டியபோது, பெல்ட்டின் திரும்பும் பக்கம் ரோலரைத் தொடும் இடத்தில் சட்டைக் கை பிடிபட்டது. அந்த இடத்தை மூடியிருக்க வேண்டிய இரும்புக் கவசம் அப்போது இயந்திரத்தில் இல்லை. முந்தைய நாள் பெல்ட்டை நேர் செய்வதற்காகக் கழற்றப்பட்ட அது, மின் பேனலுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குரிய நான்கு போல்ட்டுகளில் இரண்டு மட்டுமே கிடைத்தன.

கவசத்தைத் திரும்ப மாட்டாததைப் பிட்டரின் மறதி என்று மட்டும் எழுதி முடிப்பது சரியாகாது. பெல்ட்டை நேர் செய்யும் திருகுகள் கவசத்துக்கு உள்ளே இருப்பதாலும், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தத் திருகுகளைச் சரிசெய்ய முடியும் என்பதாலும், எண்ணெய் படர்ந்து பெல்ட் விலகும் ஒவ்வொரு முறையும் கவசத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது. இந்த அமைப்பை மாற்றாத வரையில் கவசம் மீண்டும் கழற்றப்படும்.

அவசர நிறுத்தம் குறித்த விவரம் இதைவிடக் கவலை தருவதாக உள்ளது. ஆறு மீட்டர் நீளமுள்ள இந்தக் கன்வேயருக்கு, மோட்டார் இருக்கும் முனையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்தான் உள்ளது. சிக்கிய பணியாளருக்கு அது எட்டாது. எதிரில் நின்ற சக பணியாளர் ஓடிச் சென்று நான்கு நொடிகளுக்குள் அதை அழுத்தியது கேமராப் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பெல்ட் நிற்கவில்லை. பொத்தானைத் திறந்து பார்த்தபோது, பின்னால் உள்ள காண்டாக்ட் பிளாக் பிடிப்பிலிருந்து கழன்று தொங்கியது. அழுத்தும்போது மின்சுற்றைத் துண்டிக்க வேண்டிய காண்டாக்ட் மூடிய நிலையிலேயே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியாது. பெல்ட் ஓடும்போது அழுத்திப் பார்த்தால் மட்டுமே தெரியும். அப்படிச் சோதித்ததற்கான பதிவு எதுவும் நம்மிடம் இல்லை. பிறகு எலெக்ட்ரீஷியன் பேனலின் மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் 13 நொடிகள் கடந்துவிட்டன. நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் பெல்ட் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் ஓடக்கூடியது.

அதன்பின் செய்தவை முறையாக இருந்தன. பெல்ட்டைப் பின்னோக்கி ஓட்ட முயலாமல், இழுவிசைத் திருகுகளைத் தளர்த்தி, துணியைக் கத்தரித்து அவரை விடுவித்தனர். அந்த இரு பணியாளர்களின் நிதானத்தைப் பாராட்டுகிறேன்.

ஷிப்ட் சூபர்வைசரின் குறிப்பில் காரணம் 'பணியாளரின் கவனக்குறைவு, தளர்ந்த சட்டை' என உள்ளது. அதை நான் ஏற்கவில்லை. சேலையில் எண்ணெய் படாமலிருக்க வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மேலே அணிவது நம் பகுதிப் பெண் தொழிலாளர்கள் பல காலமாகச் செய்து வருவது. நாம் வேறு மேலுடை கொடுத்ததும் இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு அமைக்கவும், 24-ஆம் பிரிவு அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பைப் பராமரிக்கவும் கூறுகின்றன. இரண்டிலும் தவறியது ஆலைதான். ஆகவே அவருக்கு எச்சரிக்கைக் கடிதமோ ஊதியப் பிடித்தமோ கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கன்வேயரின் மெயின் சுவிட்ச் பூட்டப்பட்டுள்ளது. சாவி என்னிடம் உள்ளது. டெயில் ரோலரின் இரு பக்கங்களையும் முனையையும் அடிப்பகுதியையும் மூடும், ஸ்பேனர் இன்றிக் கழற்ற முடியாத புதிய கவசம் அமைத்து, நேர் செய்யும் திருகுகளை அதற்கு வெளியே நீட்ட வேண்டும். இரு பக்கமும் நீளம் முழுவதும் இழுகயிறு சுவிட்ச் பொருத்த வேண்டும். இழுத்தபின் கையால் விடுவிக்கும் வரை அது பூட்டிய நிலையில் இருக்க வேண்டும், விடுவித்தவுடன் பெல்ட் தானாக ஓடத் தொடங்கவும் கூடாது. காண்டாக்ட் பிளாக் கழன்றால் தானே மின்சுற்றைத் துண்டிக்கும் வகைப் பொத்தானையே வாங்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஓடும் பெல்ட்டை எல்லா நிறுத்தங்களாலும் நிறுத்திப் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். பேக்கிங் பெண்கள் அனைவருக்கும் அரைக்கை மேலுடை வழங்க வேண்டும். 1, 3-ஆம் எண் கன்வேயர்களின் பொத்தான்களை இன்றே சோதிக்க எலெக்ட்ரீஷியனிடம் கூறியுள்ளேன்.

பணியாளர் 48 மணி நேரத்துக்கு மேல் பணிக்கு வர இயலாததால், 88-ஆம் பிரிவின்படி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், தனியே ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டிய விபத்து அறிவிப்புகளை இத்துடன் தங்கள் கையொப்பத்துக்கு வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பாதுகாப்பு அலுவலர்