பிரிண்டிங் பில் பாக்கி: வாட்ஸப்ல அனுப்புன மெசேஜ்கள்

செப்டம்பர் 4, 2025
வணக்கம்ங்ணா, நல்லா இருக்கீங்களா. ஆகஸ்ட் 4 தேதி போட்ட பிரிண்டிங் பில் நேத்தோட 30 நாள் முடிஞ்சுதுங்க. 6,200 பீஸ், பீஸுக்கு 14 ரூபா, 5% ஜிஎஸ்டி சேர்த்து 91,140. டிடிஎஸ் 1% புடிச்சீங்கன்னா 868 போக 90,272 போட்டுவிட்டா போதும். பில்லையும் உங்க செக்கிங்ல கையெழுத்து போட்ட டெலிவரி சலானையும் திரும்ப அனுப்பியிருக்கேன், ஒருக்கா பாத்துக்குங்க. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா இத விட்டுடுங்க.

செப்டம்பர் 12
அண்ணா, போன வாரம் அனுப்புனது பாத்துட்டீங்கன்னு காட்டுது, பதில் வரலைங்க. பீஸ்ல ஏதாவது கம்ப்ளெய்ண்ட்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பேசி முடிச்சுக்கலாம், இல்லைன்னா எந்த தேதில வரும்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு சனிக்கிழமை, இங்க எல்லாருக்கும் சம்பள நாளு, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

செப்டம்பர் 19
பையர்கிட்ட இருந்து பணம் வரலைன்னு சொன்னீங்க, புரியுதுங்ணா, எக்ஸ்போர்ட் இப்ப இருக்கற நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம பேசுனது 30 நாள், பையர் குடுத்தப்புறம்னு பேசலைங்க. இங்க்காரருக்கு நான் காசு குடுத்தாச்சு. ஒரேடியா முடியலைன்னா 25ஆம் தேதிக்குள்ள 40,000, மீதிய அக்டோபர் 4க்குள்ள, இப்படி ரெண்டா போட்டுடலாம். சரின்னா "ஓகே"ன்னு ஒரு வார்த்தை போடுங்க, அக்கவுண்ட்ஸ்ல இருக்கற தம்பிக்கும் நானே சொல்லிடறேன்.

அக்டோபர் 6
40,000 வந்துதுங்ணா, ரொம்ப நன்றி. மீதி 50,272, நீங்க ஓகே சொன்ன தேதி முந்தாநாளே போயிடுச்சு. 20ஆம் தேதி தீபாவளி, பசங்களுக்கு போனஸ் போட்டாகணும், அதனால 10ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா வந்தாகணுங்க. புது ஸ்டைலுக்கு ஸ்கிரீன் ரெடியா இருக்கு, இந்தக் கணக்கு முடிஞ்சதும் அன்னிக்கே ஓட்டிடறேன், அதுவரைக்கும் ஆரம்பிக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க.

அக்டோபர் 11
அண்ணா, நேத்தும் வரலை, போனும் எடுக்கலைங்க. இது கடைசி மெசேஜ், இதையே லெட்டரா ஆபீசுக்கும் அனுப்பறேன். என் உத்யம் நம்பர் பில்லுலயே இருக்கு. எம்எஸ்எம்இ சட்டப்படி பேசுன தேதி தாண்டுனா ரிசர்வ் பேங்க் வட்டிக்கு மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி கேக்கலாம். நான் இன்னிவரைக்கும் வட்டின்னு ஒரு ரூபா கேக்கலை, 15ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ள 50,272 வந்துட்டா கேக்கவும் மாட்டேன். வரலைன்னா 16ஆம் தேதி எம்எஸ்எம்இ போர்ட்டல்ல வட்டியோட சேர்த்து கேஸ் பதிஞ்சுடுவேன், அப்புறம் கவுன்சில்ல தான் பேசிக்கணும். இத்தன வருசமா பழகிட்டு அங்க வந்து நிக்கறது எனக்கும் பிடிக்கலைங்க. நேர்ல பேசணும்னா திங்கக்கிழமை காலைல யூனிட்லதான் இருப்பேன், வாங்க. பேங்க் டீட்டெயில் பில்லுல இருக்கறதேதான், மாறலை.