செம்மண்ணும் மழைநீரும்: உன் விடைக்கு என் மதிப்பீடு

சுங்கை சிப்புட், படிவம் 5, பயிற்சி விடைத்தாள்
பாடல்: குறுந்தொகை 40
பாடுபொருள் 6/10, உவமை 8/10, வரிச்சான்று 4/10. மொத்தம் 18/30.

உவமையில் இருந்தே தொடங்குகிறேன், அதில்தான் நீ எழுந்து நிற்கிறாய். "மழை பெய்தால் எங்கள் லயத்துக்கு வரும் மண் சாலையில் ஓடுவது தண்ணீரா, மண்ணா என்று சொல்ல முடியாது. அப்பாவின் மோட்டார் சக்கரம்கூடச் சிவந்துவிடும்" என்று எழுதியிருக்கிறாய். இதை எந்த வழிகாட்டி நூலும் உனக்குத் தந்திருக்காது. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்கிறது பாட்டு. புலவரின் பெயரே தெரியாமல், இந்த உவமையாலேயே அவரைச் செம்புலப் பெயல்நீரார் என்கிறோம். அவர் பார்த்ததை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் சக்கரத்தோடு நின்றுவிட்டாய். கலந்த நீரை மறுபடி பிரிக்க முடியுமா? அதைக் கேட்டிருந்தால் மீதி இரண்டு மதிப்பெண்ணும் உனக்கே.

பாடுபொருள்: "சாதி பார்க்காத காதல்" என்கிறாய். பாட்டில் சாதி எங்கே இருக்கிறது? தாயர் யார் யாரோ, தந்தையர் எந்த வகையில் உறவு, நாம் எப்படி அறிமுகம் என்றுதான் தலைவன் கேட்கிறான். பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் அவன் சொல்வது இது. பாட்டின் கீழுள்ள குறிப்பும் அதையே சொல்கிறது. அந்த அச்சத்தை விட்டுவிட்டதால் மூன்று கேள்விகளும் உன் விடையில் வெறும் பெருமைப் பேச்சாகிவிட்டன. உண்மையில் அவை ஆறுதல். முன்பின் தெரியாதவர்கள் என்று நீ வாதம் செய்த பகுதி சரி, அதற்குத்தான் ஆறு.

சான்றில்தான் சறுக்கல். ஐந்து வரியையும் அப்படியே எழுதிவிட்டு "இதன்மூலம் தெரிகிறது" என்று முடித்திருக்கிறாய். எதன்மூலம்? வரியை எடுத்துக்காட்டுவது வேறு, அதற்குள் விரல் வைப்பது வேறு. கடைசி வரியில் "தாம் கலந்தனவே" என்று வருகிறது. யாரும் கலக்கவில்லை, தாமாகவே கலந்தன. அந்த ஒரு சொல்லைப் பிடித்திருந்தால் உன் மண் சாலையும் பாட்டும் ஒன்றாகியிருக்கும். அப்புறம், "ஞாய்" என்றால் உன் தாய். "யாய்" என் தாய். நீ இரண்டையும் அவளுடைய தாய், பாட்டி என்று எழுதியது பிழை, அதற்கு ஒரு மதிப்பெண் போனது. நுந்தை என்பதை மட்டும் சரியாகப் பிடித்தாய், அதே கண்ணோடு பக்கத்துச் சொல்லையும் பார்த்திருக்கலாமே!

கையெழுத்து நன்று. முன்னுரையில் சங்க இலக்கியப் பெருமை எட்டு வரி போகிறது, அதை இரண்டாகக் குறை. மிச்சமாகும் இடத்தில் "தாம்" பற்றி ஒரு பத்தி எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வா. சக்கர வரியில் கை வைக்காதே.