ஒன்பது குப்பிகளும் ஒரு சின்னக் குழாயும்

ஆயிஷா,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னல் திண்டில் ஒன்பது குப்பிகள். உன் காக்கா துபாயிலிருந்து அனுப்பியவை ஏழு, நீயாக வாங்கியவை இரண்டு. மொத்தம் பதினெட்டாயிரம் ரூபாய் என்கிறாய். இத்தனை பூசியும் பரு ஏன் போகவில்லை என்று கேட்கிறாய். எங்கள் அப்பாவிடம் தொகையைச் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை வலை வரும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்.

மருந்துக்கடையில் ஆறு வருடம் நின்றவள் என்பதால் முகப்பை விட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் தேடினேன். வைட்டமின் சி சீரம் இரண்டு. ஈரப்பதக் கிரீம் மூன்று. டோனர், பன்னீர்த் தெளிப்பான், வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்க்ரப். கடைசியாகச் சாலிசிலிக் அமிலம் போட்ட முகக்கழுவி. பருவோடு கொஞ்சமாவது சம்பந்தம் உள்ளது அது ஒன்றுதான். அதுவும் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடுகிறது. மற்ற எட்டும் நல்ல சரக்காகவே இருக்கட்டும், பருவுக்கானவை அல்ல. இதுதான் உன் கேள்விக்குப் பாதிப் பதில்.

பரு தோலின் மேலே பிறப்பதில்லை. மயிர்த்துளைக்குள் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன் தூண்டினால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கும். உதிர வேண்டிய செல்கள் அதோடு ஒட்டித் துளையை அடைக்கும், உள்ளே மாட்டிக்கொண்ட பாக்டீரியா பெருகும், வீங்கிச் சிவக்கும். வாசலுக்குப் பன்னீர் தெளித்தால் உள்ளே அடைத்த குழாய் திறக்குமா? அந்த ஸ்க்ரப்பை மட்டும் இன்றே தூக்கிப் போடு. வீங்கிய தோலைத் தேய்த்தால் புண்ணும் தழும்பும்தான் மிச்சம். உங்கள் தெருப் போர்த் தண்ணீரில் நுரை வராது என்பதற்காக நான்கு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறாயே, அதையும் விடு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று போதும்.

நெற்றி ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக இருப்பதற்கு உன் உம்மாவின் தேங்காயெண்ணெய் காரணமாக இருக்கலாம். எண்ணெய் தடவிய தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் பகல் முழுக்க இருந்தால் அது நெற்றிக்குத்தான் இறங்கும். குளிப்பதற்கு முன் தேய்த்து அலசிவிட்டால் சண்டை வராது.

இப்போது மீதிப் பாதி. படத்தில் மூன்றாவது குப்பிக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் குழாய் எட்டிப் பார்க்கிறது. அதை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை. கல்யாண வீடு வந்தால் தடவுவேன், இரண்டே நாளில் முகம் தெளிந்துவிடும் என்று போன மாதம் சொன்னாயே, அதுதானே? பெயரைப் படித்துப் பார். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சீக்கிரம் அடக்கும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பி வரும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரிந்து, முகத்தில் முடிகூட வளரும். மருத்துவர் சீட்டில்லாமல் இதைக் கேட்டு யாரும் எங்கள் கடைக்கு வராத நாளே இல்லை. எனக்கு வரும் கோபம் உன்மேல் அல்ல, சிவப்பழகு கிரீம் என்று சொல்லி உன் கையில் திணித்தவர்மேல்தான்.

தாடை ஓரத்தில் அழுந்தினால் வலிக்கும் கட்டிகள், மாதவிடாய் நாற்பது, ஐம்பது நாள் தள்ளிப்போவது இரண்டையும் நீ தனித்தனியாக எழுதியிருக்கிறாய். மருத்துவரிடம் சேர்த்துச் சொல். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். அது இருந்தால் வெளிப்பூச்சு மட்டும் போதாது.

அவர் பெரும்பாலும் அடாபலீன் ஜெல்லோ பென்சாயில் பெராக்சைடோ தருவார். உன் சீரம் விலையில் சின்னப் பங்குதான். அடாபலீன் என்றால் இரவில், பட்டாணி அளவு, பருவின் மேல் மட்டுமல்ல, முகம் முழுக்க. முதல் சில வாரம் உரியும், பரு கூடுவது போலவும் தெரியும். பயந்து நிறுத்தாதே; பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு. பெராக்சைடு துணியை வெளுக்கும். என் நீலத் துப்பட்டாவில் இன்றும் ஐந்து விரல் அடையாளம் இருக்கிறது, உனக்கே தெரியும்.

அதுவரை மென்மையான முகக்கழுவி ஒன்று, இருக்கும் மூன்றில் பிசுபிசுக்காத ஈரப்பதக் கிரீம் ஒன்று, வெளியே போனால் சன்ஸ்கிரீன். மற்றவற்றை மூடி வை.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. கீழக்கரையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறிவிடு, நான் மண்டபத்திலிருந்து வருகிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குச் சேர்ந்தே சீட்டு எடுப்போம். அந்த வெள்ளைக் குழாயை மறக்காமல் எடுத்து வா. தூக்கிப் போட்டுவிட்டு வந்தால் மருத்துவருக்கு என்ன காட்டுவது?

மேரி