மின் பராமரிப்பு மாநாட்டில் பங்கேற்க நிதி ஒப்புதல் கோருதல்

அனுப்புநர்: மூத்த பொறியாளர், மின் பராமரிப்புப் பிரிவு
பெறுநர்: பொது மேலாளர்
வழி: பராமரிப்புத் துறைத் தலைவர்
நாள்: 08.06.2026

பொருள்: ஆகஸ்ட் 19 முதல் 21 வரை நடைபெறும் மோட்டார், டிரைவ் பராமரிப்பு மாநாட்டுக்கு ரூ. 37,500 ஒப்புதல் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த 12 மாதங்களில் விஎஃப்டி டிரைவில் ஓடும் மோட்டார்களில் நான்கு முறை பேரிங் போயிருக்கிறது. பேரிங், சீல், ஆள்கூலி சேர்த்து ஒவ்வொரு தடவையும் சுமார் ரூ. 28,000 செலவு. உற்பத்தி நின்ற இழப்பு இதில் சேரவில்லை. கிரீஸை மாற்றினோம், அலைன்மென்ட் சரிபார்த்தோம், பலனில்லை. கழற்றிய பேரிங்குகளை வெட்டிப் பார்த்ததில் வெளி வளையத்தின் ஓடுதளத்தில் சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன, கிரீஸும் கறுத்திருந்தது. இவை ஷாப்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியாகத் தரைக்கு இறங்குவதன் அடையாளங்கள். டிரைவின் வேகமான ஸ்விட்சிங்தான் இதற்கு மூலம்.

தீர்வுகள் தெரிந்தவையே: ஷாப்ட் கிரவுண்டிங் ரிங், இன்சுலேட்டட் பேரிங், கவசமுள்ள மோட்டார் கேபிளும் முறையான எர்த்திங்கும். எந்த மோட்டாருக்கு எது என்பதில்தான் சிக்கல். சிறிய மோட்டாருக்குப் பெரும்பாலும் ரிங் மட்டும் போதும். பெரிய மோட்டாரில் ஷாப்ட், பிரேம் வழியாகச் சுற்றி ஓடும் மின்னோட்டமும் சேர்வதால், கப்ளிங் இல்லாத பக்கத்தில் இன்சுலேட்டட் பேரிங்கும் வேண்டும். மோட்டாரின் பேரிங்குகளை மட்டும் இன்சுலேட் செய்துவிட்டு ரிங் போடாமல் விட்டால், மின்னோட்டம் கப்ளிங் வழியாகப் போய்ப் பம்பின் பேரிங்கைத் தின்றுவிடும். அளந்து பார்க்காமல் முடிவெடுக்க முடியாத விஷயம் இது.

நம்மிடம் இத்தகைய மோட்டார்கள் 22 உள்ளன. எல்லாவற்றுக்கும் ரிங் பொருத்த வந்த மதிப்பீடு, ஒன்றுக்கு ரூ. 18,000 வீதம், ரூ. 3,96,000. உண்மையில் எத்தனைக்குத் தேவை என்று இன்று எங்களால் சொல்ல இயலாது. ஆகஸ்ட் 19 அன்று நடக்கும் ஒருநாள் பயிலரங்கு ஷாப்ட் மின்னழுத்தத்தை ஆஸிலோஸ்கோப்பில் அளந்து, அலைவடிவத்தைப் படித்துத் தீர்வைத் தேர்ந்தெடுக்கும் செய்முறைப் பயிற்சி. ஸ்கோப் நம்மிடமே இருக்கிறது. ஷாப்டைத் தொடும் பிரஷ் முனை மட்டும் வாங்க வேண்டும். 22 மோட்டார்களில் மூன்றுக்கு ரிங் தேவையில்லை என்று தெரிந்தாலே ரூ. 54,000 மிச்சம்.

அடுத்த இரண்டு நாள் அமர்வுகளில் பாதி நமக்குத் தொடர்பில்லாதவை. அதிர்வு அளவீடு, டிரைவ் கேபிளிங், மோட்டார் ரீவைண்டிங் தரம் குறித்த ஏழு அமர்வுகளைக் குறித்து இணைத்துள்ளேன். பயிலரங்குக்கு மட்டும் தனிப் பதிவு கிடையாது. கண்காட்சியில் விலைத் தள்ளுபடி கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். அதைக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

செலவு விவரம்:

மாநாட்டுப் பதிவு (ரூ. 14,000 + 18% வரி): ரூ. 16,520
பயிலரங்கு (ரூ. 6,000 + 18% வரி): ரூ. 7,080
ரயில், மூன்றடுக்கு ஏசி, போக வர: ரூ. 3,300
தங்குமிடம், 2 இரவு × ரூ. 3,200, வரி உட்பட: ரூ. 6,400
தினப்படி, கம்பெனி விதிப்படி 3 நாள் × ரூ. 900: ரூ. 2,700
உள்ளூர்ப் பயணம்: ரூ. 1,500
மொத்தம்: ரூ. 37,500

போகும்போதும் திரும்பும்போதும் இரவு ரயில் என்பதால் இரண்டு இரவு வாடகை போதும். பதிவுக் கட்டணம் ஜூன் 30 வரைதான் இந்த விலை. அதன்பின் வரியுடன் ரூ. 21,240, அதாவது ரூ. 4,720 கூடுதல். ஆகஸ்ட் 4க்குள் ரத்து செய்தால் பதிவு, பயிலரங்குக் கட்டணங்களில் 75% திரும்பக் கிடைக்கும். பதிலாக வேறொருவரை அனுப்பவும் அனுமதி உண்டு. எங்கள் பிரிவின் பயிற்சி ஒதுக்கீட்டில் ரூ. 62,000 மீதமுள்ளதால் கூடுதல் நிதி தேவைப்படாது.

ரூ. 23,600ஐக் கணக்குப் பிரிவே நேரடியாக வங்கி வழி செலுத்தலாம். பில் கம்பெனி பெயரில், வரிப் பதிவு எண்ணுடன் வர வேண்டும்; தனிநபர் பெயரில் வந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மீதி ரூ. 13,900ஐ முன்பணமாகக் கோருகிறேன். திரும்பிய 7 நாட்களுக்குள் ரசீதுகளுடன் கணக்கு ஒப்படைப்பேன்.

அந்த வாரத்து அதிர்வு அளவீட்டுச் சுற்று ஆகஸ்ட் 18க்குள் முடிக்கப்படும். அவசர அழைப்புகளை ஷிப்ட் பொறியாளர் கவனிப்பார். அவர் சம்மதம் பெறப்பட்டுள்ளது.

திரும்பியதும் ஆகஸ்ட் 31க்குள் 22 மோட்டார்களையும் அளந்து, எதற்கு ரிங், எதற்கு இன்சுலேட்டட் பேரிங், எதற்கு எதுவும் வேண்டாம் என்ற பட்டியலைச் சமர்ப்பிப்பேன். செப்டம்பர் கடைசி வார ஷட்டவுனில் வேலையை முடிக்க, பொருள் ஆர்டர் செப்டம்பர் 4க்குள் போக வேண்டும். மூன்று ஷிப்ட் எலக்ட்ரீஷியன்களுக்கும் அளக்கும் முறையை இரண்டு மணி நேரம் செய்து காட்டுவேன்.

ஜூன் 24க்குள் ஒப்புதல் கிடைத்தால் சலுகைக் கட்டணத்தில் பதிவு செய்ய இயலும்.

இப்படிக்கு,
மூத்த பொறியாளர், மின் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: நிகழ்ச்சி நிரல், கட்டண அறிவிப்பு, பேரிங் புகைப்படங்கள் 4, ரிங் மதிப்பீட்டின் நகல்