மூன்றாம் வகுப்பு: பையில் என்ன இருக்கணும்?

தினமும்: டைரி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, கைக்குட்டை, பென்சில் பாக்ஸ் (சீவிய பென்சில் இரண்டு, ரப்பர், ஸ்கேல்). தமிழும் கணக்கும் ஐந்து நாளும் உண்டு, அதனால் அந்தப் புத்தகமும் நோட்டும் வீட்டுப்பாடம் எழுதி முடித்ததும் நேராகப் பைக்குள்தான், கட்டில் மேல் இல்லை.

திங்கள்: ஆங்கிலம், நாலு கோடு நோட்டு, அறிவியல்.

செவ்வாய்: ஆங்கிலம், சமூக அறிவியல்.

புதன்: அறிவியல். பி.டி. பீரியட் இருக்கு, வெள்ளை யூனிஃபார்ம், கேன்வாஸ் ஷூ. ஷூவைச் செவ்வாய் ராத்திரியே எடுத்து வை கண்ணா, காலையில் வேன் ஹார்ன் அடிக்கும்போது தேடாதே.

வியாழன்: ஆங்கிலம், டிராயிங் நோட்டு, கிரேயான் (வாட்டர் கலர் வேண்டவே வேண்டாம்).

வெள்ளி: சமூக அறிவியல், இரட்டைக்கோடு நோட்டு, டிக்டேஷன் நோட்டு. வியாழக்கிழமை கிரேயான் உள்ளே கிடந்தால் வெளியே எடு, பை கனக்கும்.

ஜிப் மூடியாச்சா? சரி, கிளம்பு.