பிற்காலச் சோழர்: ஒரே தாளில் திருப்புதல் அட்டவணை

மேல்நிலை முதலாண்டு, வரலாறு. காலம் பொ.ஆ. 850 முதல் 1279 வரை. ஏ3 தாளில் அச்சிட்டு, படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளவும்.

தாளைப் படிக்கும் முறை. அட்டவணையின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். போரில் பிடித்த நாடுகளில் பெரும்பகுதி சில தலைமுறைகளுக்குள் கைவிட்டுப் போனது. கணக்கு, ஏரி, கோயில், ஊர் அமைப்பு ஆகியவை மன்னர்களுக்குப் பின்னும் நீடித்தன. ஐந்து மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வரும். போர்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒரு மதிப்பெண் கேள்வியோடு நின்றுவிடுவார்.

ஆண்டுகள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன? தந்தை இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அன்று முதல் மகனுடைய ஆட்சியாண்டையும் எண்ணினார்கள். ராஜேந்திரனுக்கு 1012 என்றும் 1014 என்றும் இரண்டு ஆண்டுகளைப் பார்ப்பீர்கள். முன்னது இளவரசுப் பட்டம், பின்னது தனியாட்சி. பட்டப்பெயர் மாறி மாறி வரும்: விஜயாலயன் பரகேசரி, ஆதித்தன் ராஜகேசரி, பராந்தகன் பரகேசரி. ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி.

| மன்னர் | ஆண்டு | செய்தது | பின்னும் நின்றது |
|---|---|---|---|
| விஜயாலயன் | சு. 850–871 | முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்தார் | தஞ்சை தலைநகரானது |
| முதலாம் ஆதித்தன் | 871–907 | திருப்புறம்பியத்தில் பல்லவர் பக்கம் நின்றார். பிறகு அதே அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சேர்த்தார் | பல்லவ ஆட்சியின் முடிவு |
| முதலாம் பராந்தகன் | 907–955 | ‘மதுரை கொண்ட’ பட்டம். 949இல் தக்கோலத்தில் மகன் ராஜாதித்தன் பலி | உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921). வீரநாராயணன் என்ற பட்டத்தால் பெயர் பெற்ற வீராணம் ஏரி |
| கண்டராதித்தன் முதல் உத்தம சோழன் வரை | 985 வரை | தக்கோலத் தோல்வியிலிருந்து மெல்ல மீண்ட காலம் | செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கியது |
| முதலாம் ராஜராஜன் | 985–1014 | காந்தளூர்ச்சாலை, வட இலங்கை, மாலத்தீவு வெற்றிகள்; நில அளவை; வளநாடுகள்; மெய்க்கீர்த்தி | தஞ்சைப் பெரிய கோயில் (1010); அளந்து எழுதிய நிலக்கணக்கு |
| முதலாம் ராஜேந்திரன் | 1014–1044 | இலங்கை முழுவதும், கங்கைப் படையெடுப்பு, 1025இல் கடாரம் | கங்கைகொண்ட சோழபுரம், சோழகங்கம் ஏரி, எண்ணாயிரம் கல்லூரி |
| முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன் | 1044–1063 | கொப்பத்தில் அண்ணன் யானைமேல் மாண்டார். தம்பி போர்க்களத்திலேயே முடிசூடினார் | திரிபுவனைக் கல்லூரி |
| வீரராஜேந்திரன் | 1063–1070 | கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை வென்றார் | திருமுக்கூடல் ஆதுலர் சாலை; வீரசோழியம் என்ற இலக்கண நூல் |
| முதலாம் குலோத்துங்கன் | 1070–1120 | சுங்கம் தவிர்த்தார். மறு நில அளவை (1086). சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூது (1077). கலிங்கப் போர் | கலிங்கத்துப்பரணி. சோழ, கீழைச் சாளுக்கிய மரபுகளின் இணைப்பு |
| இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் | 1133–1173 | பெரிய போர்கள் இல்லை | பெரியபுராணம், தாராசுரம் |
| மூன்றாம் குலோத்துங்கன் | 1178–1218 | பாண்டியரை அடக்கினார், இறுதியில் அவர்களிடமே தோற்றார் | திருபுவனம் கோயில் |
| மூன்றாம் ராஜராஜன், மூன்றாம் ராஜேந்திரன் | 1216–1279 | மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைப்பிடித்தான், போசளர் மீட்டார்கள் | பாண்டியப் பேரரசுக்கு வழி |

அட்டவணையில் நான்கு பெயர்களை அடிக்கோடிட்டு வையுங்கள்: முதலாம் பராந்தகன், முதலாம் ராஜராஜன், முதலாம் ராஜேந்திரன், முதலாம் குலோத்துங்கன். நேரம் போதாவிட்டால் இந்த நால்வரை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

நிர்வாக அடுக்கு. மண்டலம், வளநாடு, நாடு அல்லது கூற்றம், ஊர். தொண்டை மண்டலத்தில் வளநாட்டுக்குப் பதிலாகக் கோட்டம் என்ற பழைய பெயர் தொடர்ந்தது. ராஜராஜன் மண்டலங்களுக்குத் தம் பட்டப்பெயர்களைச் சூட்டினார்: ஈழம் மும்முடிச்சோழ மண்டலம், தொண்டை நாடு செயங்கொண்ட சோழ மண்டலம், பாண்டிநாடு ராஜராஜப் பாண்டி மண்டலம். ராஜேந்திரன் மதுரையில் தம் மகனைச் ‘சோழ பாண்டியன்’ என்ற பட்டத்தோடு அமர்த்தினார். அவைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: வேளாண் ஊருக்கு ஊர், பிரம்மதேயத்துக்குச் சபை, வணிகர் ஊருக்கு நகரம், பல ஊர்கள் கூடினால் நாடு.

குடவோலை (இதற்கு அதிக நேரம் கொடுங்கள்). உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முதலாவதில் இருந்த விதி இரண்டாவதில் திருத்தப்பட்டிருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை எழுதினாலே திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

தேர்ந்தெடுத்த முறை: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படித்தான். தேர்வான 30 பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்தார்கள். பதவிக்காலம் ஓராண்டு.

‘சோழர் காலத்தில் மக்களாட்சி இருந்தது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வராதீர்கள். இது ஒரு பிரம்மதேய ஊரின் சபை விதி. நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. விதி வகுத்தபோது அரசன் அனுப்பிய அதிகாரியும் உடன் இருந்தார். சுழற்சி, கணக்குத் தணிக்கை, குலுக்கல் என்ற மூன்றையும் பாராட்டுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே இந்த எல்லையையும் சொல்லுங்கள். விடை முழுமையாகும்.

நில அளவை, வரி. ராஜராஜன் ஆட்சியில் 1001 வாக்கில் தொடங்கியது. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அதன் நுண்ணிய பின்னங்கள் வரை அளந்து கல்லில் பொறித்தார்கள். அளந்த சேனாபதிக்கு ‘உலகளந்தான்’ என்ற பெயரே நிலைத்தது. வரிச் சொற்கள் நான்கு போதும்: இறை, கடமை, குடிமை, வெட்டி. கடைசியது கூலியில்லா உழைப்பு. நில வகை ஐந்து: வேளாண்வகை, பிரம்மதேயம், தேவதானம், சாலாபோகம், பள்ளிச்சந்தம். பள்ளிச்சந்தம் சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். பள்ளிக்கூடத்துக்கு விட்டது சாலாபோகம்.

பெரிய கோயில், ஒரு நிதி நிறுவனமாக. கோபுர உயரத்தை எழுதி நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். சுவர்களில் உள்ள கணக்கு அதைவிடச் சுவையானது. கோயில் தன் காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்தது. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. அந்த வட்டியில் விளக்கும் பூசையும் நடந்தன. மற்றக் கோயில்களிலிருந்து சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். தாம் கொடுத்ததையும் தம் அக்கன் குந்தவை கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவர் மன்னரே. இன்று நாம் இவ்வளவு அறிந்திருப்பது அந்த ஆணையால்தான். தஞ்சைக் கோயில் 1987இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

நீர். வீராணம், சோழகங்கம், ஏரி வாரியம். வீராணத்து நீர் இன்று சென்னைக் குழாய்களில் வருகிறது. நிலையான தாக்கம் கேட்டால் முதல் எடுத்துக்காட்டாக இதை எழுதுங்கள்.

கல்வி, மருத்துவம். எண்ணாயிரத்தில் 340 மாணவர், 14 ஆசிரியர். திரிபுவனையில் 260 மாணவர், 12 ஆசிரியர். திருமுக்கூடலில் 15 படுக்கை கொண்ட மருத்துவமனை. இரண்டு கல்லூரிகளும் வேதக் கல்விக்கானவை என்பதைச் சேர்த்து எழுதுக.

கடல் தாண்டியது. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தார். அவருடைய மகனே 1025இல் அந்த ஸ்ரீவிஜயத்தின்மீது படை அனுப்பினார். நட்பும் போரும் ஒரே வணிகப் பாதையில் நடந்தவை. இலங்கையில் அநுராதபுரம் வீழ்ந்து, பொலன்னறுவை சோழரின் ஜனநாதமங்கலமாயிற்று. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றிய பின்னும் சிங்கள மன்னர்களின் தலைநகராகப் பொலன்னறுவையே தொடர்ந்தது. சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் அங்கே நிற்கிறது.

சரிவு ஏன்? உள்ளூர்த் தலைவர்கள் வலுத்தார்கள் (காடவர் கோப்பெருஞ்சிங்கன்), போசளர் தலையிட்டார்கள், பாண்டியர் மீண்டெழுந்தார்கள். இந்த வரிசையிலேயே எழுதினால் காரண காரியம் தானாக வரும். 1279க்குப் பின் சோழ நாடு மாறவர்மன் குலசேகரனிடம் போனது.

தேர்வில் தடுக்கி விழும் இடங்கள்

குடவோலைக் கல்வெட்டு யார் காலம்? பராந்தகன் காலம். ராஜராஜன் என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பெரியபுராணம் எந்தக் குலோத்துங்கன் காலம்? இரண்டாமவர். கலிங்கத்துப்பரணி முதலாமவர்.

கலிங்கப் போரை நடத்தியவர் யார்? கருணாகரத் தொண்டைமான். நூலை இயற்றியவர் செயங்கொண்டார்.

முதலாம் குலோத்துங்கன் எந்த மரபு? தந்தை வழியில் கீழைச் சாளுக்கியர், தாய் வழியில் சோழர். தாய் அம்மங்கை, முதலாம் ராஜேந்திரனின் மகள்.

தஞ்சைக் கோயிலைத் தலைநகரோடு சேர்த்துக் கேட்டால் கவனம்: 1010இல் தஞ்சை, ராஜேந்திரன் காலத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம்.

வலங்கை, இடங்கைப் பிரிவு சோழர் காலத்தில் உருவாகி, ஆங்கிலேயர் காலம் வரை தகராறுகளுக்குக் காரணமானது. தாக்கங்களைப் பட்டியலிடும்போது இதையும் எழுதுங்கள். பெருமைக்குரியவற்றை மட்டும் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் தர எனக்கு மனம் வருவதில்லை.