புதிதாகச் சேர்ந்த தணிக்கையாளர்களிடம்: ரகசியம், பரிசு, சொந்த நலன்

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை முதல் உங்களில் பாதிப் பேர் வாடிக்கையாளர் அலுவலகங்களில் உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன்னால் உங்களிடம் பேச இந்த நேரத்தை நானே கேட்டு வாங்கினேன்.

முதல் வாரத்திலேயே உங்கள் கைக்கு என்னவெல்லாம் வரும் என்று பாருங்கள். சம்பளப் பட்டியல் வரும். இன்னும் வெளியிடாத லாபக் கணக்கு வரும். எந்தக் கிளையை மூடப் போகிறார்கள் என்று இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் இருக்கும். அந்தக் கிளையில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கே தெரியாத செய்தி, நேற்று வந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கவும் வேண்டியிருக்கும்.

கெட்ட எண்ணத்தால் ரகசியம் கசிவது குறைவுதான். லிஃப்டில் இரண்டு பேர் ஸ்டாக் கணக்கில் உதைக்கிறது என்று பேசிக்கொண்டு இறங்குவார்கள். ரயிலில் லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கு வாடிக்கையாளர் பெயரே தெரியும். குழுவாக ஒரு செல்ஃபி எடுத்துப் போடுவீர்கள். பின்னால் வெள்ளைப் பலகையில் எண்கள் இருக்கும். வேலைத்தாள்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வீட்டில் முடிப்பது உழைப்பு அல்ல, மீறல். நம் அலுவலகத்துக்குள்ளும் அந்தத் தணிக்கைக் குழுவில் இல்லாதவரிடம் பேச வேண்டாம். வேலையை விட்டுப் போன பிறகும் இந்தக் கடமை உங்களை விடாது.

சட்டம் கேட்டாலோ வாடிக்கையாளர் அனுமதித்தாலோ தகவலைத் தரலாம். ஆனால் அந்த முடிவை எடுப்பவர் பார்ட்னர். ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்: கணக்கில் மோசடி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், ரகசியம் என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பரிசு. ஸ்காட் லண்டன் என்பவர் கேபிஎம்ஜி நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் மூத்த பார்ட்னராக இருந்தவர். ஹெர்பலைஃப், ஸ்கெச்சர்ஸ் நிறுவனங்களின் தணிக்கையைக் கவனித்தவர். அந்த நிறுவனங்களின் உள் தகவல்களை, நகை வியாபாரியான தன் கோல்ஃப் நண்பருக்குச் சொல்லிவந்தார். நண்பர் பங்குச்சந்தையில் லாபம் பார்த்தார். இவருக்குப் பணமும் ரோலக்ஸ் கடிகாரமும் கிடைத்தன. 2013-இல் விஷயம் வெளியே வந்ததும் கேபிஎம்ஜி அந்த இரண்டு தணிக்கைகளிலிருந்தும் விலகியது. ஏற்கனவே கொடுத்த அறிக்கைகளையும் திரும்பப் பெற்றது. 2014-இல் அவருக்கு 14 மாதச் சிறை. அவர் கீழே ராத்திரி பகலாக வேலை செய்த இளம் தணிக்கையாளர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் சரிபார்த்த ஒவ்வொரு வவுச்சரும் வீணாகப் போனது.

உங்களிடம் யாரும் ரோலக்ஸோடு வர மாட்டார்கள். நீங்கள் நிலுவைப் பட்டியல் கேட்டு நிற்கும் மதியத்தில், கணக்குப் பிரிவுக்காரர் ஒரு பையை நீட்டி, “எல்லோருக்கும் கொடுக்கிறோம், உங்களுக்கு மட்டும் இல்லை” என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அதனால்தான் மறுப்பது கஷ்டம். “ரொம்ப நன்றி சார், எங்கள் விதி இடம் கொடுக்காது” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், போதும். சர்வதேச நெறிமுறையின்படி, பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு அற்பமானதை மட்டுமே வாங்கலாம். உங்கள் முடிவை வளைக்கும் நோக்கத்தோடு கொடுத்தால் அதுவும் கூடாது. கேன்டீன் சாப்பாட்டில் தவறில்லை. ஊழியர் விலையில் அவர்கள் தயாரிப்பை வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம். வீட்டுக்குப் பார்சல் வந்துவிட்டால் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பாதீர்கள். மேனேஜரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதிவிட்டுத் திருப்புங்கள்.

சொந்த நலன் என்றதும் பங்குதான் எல்லோருக்கும் நினைவு வரும். சரி, அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். நீங்கள் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் உங்களுக்கோ உங்கள் கணவன், மனைவிக்கோ ஒரே ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தால் சொல்லிவிடுங்கள். முன்பு நீங்களே அங்கே வேலை பார்த்திருந்தாலும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய பதிவை நீங்களே சரிபார்க்க முடியாது. பலரும் மறப்பது இன்னொன்று: தணிக்கை நடக்கும்போதே, “எங்களிடம் வந்துவிடுங்களேன்” என்று வாடிக்கையாளர் கேட்பது. வேலை மாறுவது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பேச்சு தொடங்கிய அன்றே எங்களுக்குத் தெரிய வேண்டும், நாங்கள் உங்களை அந்தக் குழுவிலிருந்து மாற்றுவோம்.

இந்த மூன்றிலும் நான் பார்த்த எல்லாச் சிக்கலும், ஒருவர் தன் விஷயத்துக்குத் தானே தீர்ப்புச் சொன்னதில் தொடங்கியதுதான். “இது சின்ன விஷயம், நான் நேர்மையாகத்தானே இருக்கிறேன்” என்று தோன்றும் நேரத்தில் போனை எடுங்கள். முன்கூட்டியே சொன்னவரை இங்கே யாரும் குறையாக நினைத்ததில்லை.

உங்கள் மேஜையில் சார்பின்மை உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. வீட்டில் கேட்டு, குடும்பத்தாரின் முதலீட்டையும் எழுதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுங்கள். சந்தேகமுள்ள இடத்தைக் காலியாக விடாமல் என்னிடம் கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகள் கேட்கலாம்.